தாவரவியலிலிருந்து சமூகச் சூழலியல் பிஎச்.டி.க்கு: பர்சனல் ஸ்டேட்மென்ட்டை எதைச் சுற்றி எழுதுவது?

தாவரவியலில் முதுகலை முடித்தவர் சமூகச் சூழலியலில், அதாவது ஓரிடத்தில் சேர்ந்து வாழும் இனங்களை ஆராயும் துறையில், பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும்போது பர்சனல் ஸ்டேட்மென்ட்டை மூன்று விதமாக எழுதலாம். செடிகள்மேல் ஆர்வம் எப்படி வந்தது, அது எப்படி வளர்ந்தது என்று வாழ்க்கை வழியாகச் சொல்வது ஒன்று. ஹெர்பேரியம், வகைப்பாடு, உள்ளமைப்பியல் எனக் கற்றுக்கொண்ட திறன்களை முன்னிறுத்துவது இன்னொன்று. தன் ஆய்வுத் தரவில் எழுந்து, அந்தத் தரவால் தீர்க்கமுடியாமல் நின்ற ஒரு கேள்வியை நடுவில் வைத்து எழுதுவது மூன்றாவது. பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு மூன்றாவதே சரி என்பது என் முடிவு. இரண்டாவது வழி அதைவிட நன்றாக வேலை செய்யும் சூழல்களும் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தத் தேர்வு எழுதும் நடையைப் பற்றியது மட்டுமல்ல. தாவரவியல் பட்டப்படிப்பு ஒரு செடியைக் கேள்வி கேட்கப் பழக்குகிறது: இதன் பெயர் என்ன, திசு எப்படி அமைந்திருக்கிறது, எப்படி இனப்பெருக்கம் செய்கிறது? சமூகச் சூழலியல் ஓர் இடத்தைக் கேள்வி கேட்கிறது: இந்த இனங்கள் ஏன் இங்கே சேர்ந்திருக்கின்றன, பக்கத்தில் இருக்கும் வேறு இனங்கள் ஏன் உள்ளே வரவில்லை, வலுவான இனம் மற்றவற்றை ஏன் முழுக்க விரட்டிவிடவில்லை? விண்ணப்பத்தைப் படிக்கும் பேராசிரியர் தேடுவது, முதல் வகைக் கேள்வியிலிருந்து இரண்டாவது வகைக் கேள்விக்கு இந்த மாணவர் ஏற்கெனவே நகர்ந்துவிட்டாரா என்பதைத்தான். மதிப்பெண் பட்டியலில் அது தெரியாது. பரிந்துரைக் கடிதத்திலும் பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் அதை எழுதுபவரும் தாவரவியல் ஆசிரியராகவே இருப்பார். அதைக் காட்டக்கூடிய இடம் இந்த ஓரிரு பக்கங்கள்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். முதுகலை ஆய்வுக்காக ஒரு புல்வெளிச் சரிவில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் 60 குவாட்ராட்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் இருந்த எல்லா இனங்களையும் பதிவு செய்திருக்கிறார். சரிவின் அடிப்பகுதி ஈரம், மேற்பகுதி வறட்சி. ஆய்வேட்டின் தலைப்பு வெறும் தாவரப் பட்டியல்தான். ஆனால் அட்டவணையில் ஒன்று கண்ணில் படுகிறது. இரண்டு கோரை இனங்கள் ஒன்றையொன்று தவிர்ப்பதுபோல இருக்கின்றன. முதல் கோரை 22 குவாட்ராட்களில் இருக்கிறது, இரண்டாவது 18-இல். இரண்டும் சேர்ந்திருப்பது ஒரே ஒரு குவாட்ராட்டில்.

வாழ்க்கை வழி

இந்த மாணவி முதல் வழியில் எழுதினால் கட்டுரை சிறுவயதில் இலைகளைச் சேகரித்ததில் தொடங்கி, கல்லூரிக் களப்பயணம் வழியாக, இயற்கையைக் காக்கவேண்டும் என்ற உறுதியில் போய் முடியும். அதில் பொய் எதுவும் இருக்காது. ஆனால் அதே கட்டுரையைக் காட்டியல் படிக்கவும், தாவர வேதியியல் படிக்கவும், தோட்டக்கலை படிக்கவும் அனுப்பலாம். ஏன் சமூகச் சூழலியல் என்ற கேள்விக்கு அதில் பதில் வராது. கோரைகள் வரவே வராது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில பல்கலைக்கழகங்கள், குறிப்பாக அமெரிக்காவில், இரண்டு கட்டுரைகளைத் தனித்தனியாகக் கேட்கின்றன: ஒன்று ஆய்வு நோக்கம் பற்றியது, மற்றது விண்ணப்பதாரரின் பின்னணி, தடைகள், அனுபவங்கள் பற்றியது. இரண்டாவதில் வாழ்க்கை வழிதான் சரி. ஆகவே தலைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ‘பர்சனல் ஸ்டேட்மென்ட்’ என்று பெயர் வைத்துவிட்டு, கீழே விளக்கத்தில் ஆய்வு ஆர்வத்தைக் கேட்கும் இடங்களும் உண்டு. விளக்கத்தில் உள்ள வினாக்களுக்குத்தான் பதில் எழுதவேண்டும்.

திறன் வழி

இது முதல் வழியைவிடப் பலமானது. தாவரவியல் படித்தவரிடம் இருக்கும் சில திறன்கள் சூழலியல் ஆய்வுக் குழுக்களில் உண்மையிலேயே அரிதானவை. பூவும் காயும் இல்லாத கோரையைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவது எளிதல்ல. தண்டின் வெட்டுமுகம், இலையுறை, இலைநாக்கு, சில சமயம் நுண்ணோக்கியில் இலையின் குறுக்குவெட்டு என ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். நாற்றுகள் விஷயத்தில் இது இன்னும் கடினம். அடையாளத்தில் பிழை இருந்தால் பின்னால் வரும் கணக்கு எல்லாமே ஆடிப்போகும். எடுத்துக்காட்டாக, தன் இனத்தைச் சேர்ந்த செடிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் நாற்றுகள் அதிகம் சாகின்றனவா என்று பார்க்கும் ஆய்வில், இரண்டு இனங்களின் நாற்றுகளை ஒரே இனம் என்று எண்ணிவிட்டால், எந்த நாற்றுக்கு எது ‘தன் இனம்’ என்பதே தவறாகிவிடும். அதற்குமேல் எவ்வளவு நுட்பமான புள்ளியியலைப் போட்டாலும் அந்தத் தவறு சரியாகாது.

ஆனால் இந்த வழியில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் பட்டியலாகிவிடுகின்றன. இத்தனை மாதிரிகள் அழுத்திப் பதப்படுத்தினேன், இன்ன குடும்பத்தை வகைப்படுத்தினேன், மைக்ரோடோம் இயக்கத் தெரியும், மண்ணின் அமிலத்தன்மை அளந்திருக்கிறேன். படிப்பவர் மனதில் எழுவது நல்ல களப்பணியாளர் அல்லது ஆய்வக உதவியாளர் என்ற படம். பிஎச்.டி. மாணவர் என்ற படம் எழுவதில்லை. எதை அளக்கத் தெரியும் என்பதோடு, எதை அளக்கவேண்டும் என்று முடிவெடுக்கத் தெரியும் என்பதையும் காட்டினால்தான் அந்தப் படம் வரும்.

கேள்வி வழி

மூன்றாவது வழியின் வெற்றி, கேள்வியை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறோம் என்பதில் இருக்கிறது. பாதியில் நிறுத்தினால் அது முதல் இரண்டு வழிகளையும்விட மோசமாகப் போகலாம். அந்தக் கோரைகளை வைத்தே பார்ப்போம்.

அவசரமாக எழுதினால் இப்படி வரும்: “இரண்டு கோரை இனங்களும் சேர்ந்து வாழ்வதில்லை என்று கண்டேன். இது அவற்றுக்கிடையே உள்ள போட்டியைக் காட்டுகிறது. பிஎச்.டி.யில் இந்தப் போட்டியை ஆராய விரும்புகிறேன்.” சமூகச் சூழலியலில் இருப்பவர் யாராக இருந்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிடுவார். காரணம், இந்தத் துறையின் புகழ்பெற்ற சர்ச்சை ஒன்று இதைப் பற்றியதுதான். 1975-இல் சூழலியலாளர் ஜேரட் டயமண்ட், நியூ கினிக்கு அருகிலுள்ள பிஸ்மார்க் தீவுகளின் பறவைகளை ஆராய்ந்து, சில இனங்கள் ஒரே தீவில் சேர்ந்திருப்பதே இல்லை என்றும், அதற்குப் போட்டி முக்கியக் காரணம் என்றும் எழுதினார். 1979-இல் கானரும் சிம்பர்லாஃபும் அதை எதிர்த்தார்கள். இனங்கள் தற்செயலாகப் பரவியிருந்தாலே இப்படிப்பட்ட அமைப்பு எவ்வளவு தோன்றும் என்று முதலில் கணக்கிடவேண்டும் என்பது அவர்கள் வாதம். அன்றிலிருந்து, சேர்ந்திருக்கவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போட்டி என்று சொல்பவரை இந்தத் துறை சந்தேகத்தோடுதான் பார்க்கிறது.

ஆகவே முதல் படி தற்செயல் கணக்கு. 60 குவாட்ராட்களில் ஒன்று 22-இலும் மற்றது 18-இலும் இருந்தால், ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் பரவியிருக்கும் பட்சத்தில் 22-ஐ 18-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்த அளவு, அதாவது 6.6 குவாட்ராட்களில் சேர்ந்திருப்பதை எதிர்பார்க்கலாம். கண்டது 1. இது தற்செயலால் வரக்கூடிய அளவைவிட மிகக் குறைவு. எனவே ஏதோ நடக்கிறது; அது போட்டிதான் என்று இன்னும் சொல்லமுடியாது.

இரண்டாவது படி ஈரம். 60-இல் 25 குவாட்ராட்கள் ஈரமான அடிப்பகுதியிலும் 35 வறண்ட மேற்பகுதியிலும் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். முதல் கோரை ஈரத்தில் 20, வறட்சியில் 2. இரண்டாவது கோரை ஈரத்தில் 1, வறட்சியில் 17. இப்போது இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனியாக அதே கணக்கைப் போட்டால், ஈரத்தில் எதிர்பார்ப்பது 0.8, வறட்சியில் சுமார் 1. இரண்டும் சேர்ந்து 1.8 அளவில் வருகிறது. கண்டது 1. வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. அந்தத் ‘தவிர்ப்பு’ பெரும்பாலும் ஈரத்தை விரும்பும் ஓர் இனமும் வறட்சியில் வாழும் ஓர் இனமும் அவரவர் இடத்தில் இருப்பதால் வந்தது.

பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள்: காரணம் போட்டி அல்ல, சூழல். உண்மையில் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. இரண்டாவது கோரை ஈரப் பகுதியில் இல்லாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஈர மண்ணில் அதனால் வாழவே முடியாமல் இருக்கலாம். அல்லது தனியாக விட்டால் நன்றாகவே வளரும், ஆனால் அங்கே முதல் கோரை அடர்ந்திருப்பதால் நுழையமுடியாமல் இருக்கலாம். எந்த இனம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையில் இரண்டு காரணங்களும் ஒரே மாதிரித்தான் தெரியும். எத்தனை குவாட்ராட் போட்டாலும் இதைப் பிரிக்கமுடியாது. கைவைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஜோசப் கானெல் 1961-இல் ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் செய்தது அதைத்தான். மேல்மட்டத்தில் மட்டும் காணப்பட்ட, பாறையில் ஒட்டிவாழும் ஒரு பார்னக்கிள் இனம், கீழ்மட்டத்தில் இருந்த போட்டி இனத்தை அகற்றியதும் அங்கும் பிழைத்தது. கீழே அதைத் தடுத்தது கடல்நீர் அல்ல, பக்கத்து இனம்.

இந்த இடத்தில்தான் தாவரவியல் பட்டம் கட்டுரைக்குள் தானாக வந்து உட்காருகிறது. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் குறைவு. அங்கே வாழும் செடிகள் பலவற்றின் வேரில் காற்றறைத் திசு இருக்கும், அது மேலிருந்து காற்றை வேருக்குக் கொண்டுபோகும். இரண்டாவது கோரையின் வேரைக் குறுக்காக வெட்டிப் பார்க்க இந்த மாணவிக்குத் தெரியும். ஆனால் வறண்ட இடத்தில் பறித்த வேரில் அந்தத் திசு இல்லை என்பது போதாது, ஏனென்றால் பல இனங்களில் நீர் தேங்கிய பிறகுதான் அது உருவாகும். தொட்டியில் நீர் தேக்கி வளர்த்து, பிறகு வெட்டிப் பார்க்கவேண்டும். அப்போதும் அந்தத் திசு உருவாகாமல் செடி வாடினால், சூழலே தடுக்கிறது என்ற பக்கம் வலுக்கிறது. திசு உருவாகிச் செடி நன்றாக நின்றால், பக்கத்து இனத்தைச் சந்தேகிக்கவேண்டும். விதைகள் கீழே போய்ச் சேரவே இல்லையா என்பதையும் பார்க்கவேண்டும்.

இதையெல்லாம் சேர்த்து, கட்டுரையின் நடுப்பகுதி இப்படி வரலாம்:

“என் 60 குவாட்ராட்களில் இரண்டு கோரை இனங்கள் ஒன்றில் மட்டுமே சேர்ந்திருந்தன, தற்செயலாகப் பரவியிருந்தால் ஆறேழில் சேர்ந்திருக்கும். ஈரப் பகுதியையும் வறண்ட பகுதியையும் பிரித்துக் கணக்கிட்டபோது இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்தது. ஆனால் வறண்ட நில இனம் ஈரத்தில் வாழமுடியாததால் அங்கே இல்லையா, அல்லது அங்கே அடர்ந்திருக்கும் இனத்தால் தடுக்கப்படுகிறதா என்பதை என் தரவு சொல்லாது. அதை அறிய, அதன் நாற்றுகளை ஈரப் பகுதியில் சுற்றியுள்ள செடிகளை அகற்றியும் அகற்றாமலும் நடவேண்டும். நடுவதாலேயே வரும் பாதிப்பைப் பிரித்தறிய வறண்ட பகுதியிலும் நடவேண்டும். நீர் தேக்கி வளர்த்த வேர்களின் உள்ளமைப்பை ஒப்பிடுவது, எந்த விளக்கத்தை எதிர்பார்க்கவேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லும். என் ஆய்வு ஒரே சரிவில் நடந்தது. இதே அமைப்பு வேறு சரிவுகளிலும் வருகிறதா என்பது எனக்கு இன்னும் தெரியாது.”

கடைசி வாக்கியத்தை வெட்டிவிடலாமா என்று பலருக்குத் தோன்றும். வெட்டக்கூடாது. ஒரே சரிவில் போட்ட 60 குவாட்ராட்கள், ஈரத்துக்கும் வறட்சிக்குமான 60 தனித்தனிச் சான்றுகள் ஆகாது. இருப்பது ஒரே ஓர் ஈரப் பகுதியும் ஒரே ஒரு வறண்ட பகுதியும்தான். அவற்றுக்கிடையே மண்ணின் ஆழம், மேய்ச்சல் என வேறு எதுவும் மாறியிருக்கலாம். சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-இல் போலி மறுசெயல் என்று பெயரிட்டு எச்சரித்தது இதைத்தான். அனுபவமுள்ள வாசகருக்கு இந்த ஐயம் படிக்கும்போதே வந்துவிடும். மாணவியே அதை முதலில் சொல்லிவிட்டால் அந்த ஐயம் அவர்மேல் நம்பிக்கையாக மாறும்.

கேள்வி எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்

கேள்வி வழியைத் தேர்ந்தவருக்கு அடுத்த முடிவு இது. “இனப் பன்மை எப்படி நிலைத்திருக்கிறது என்று அறிய விரும்புகிறேன்” என்று பெரிதாகவும் எழுதலாம். “இந்த இரண்டு கோரைகளின் பரவலை அறிய விரும்புகிறேன்” என்று சிறிதாகவும் எழுதலாம். பெரிய கேள்வியில் எழுதியவரின் கை தெரிவதில்லை. அது பாடப்புத்தகத்தின் கேள்வி. சிறிய கேள்வியில் வேறொரு ஆபத்து: அந்தக் கோரைகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத நெறியாளர், இவருக்கு என்னிடம் வேலை இல்லை என்று ஒதுக்கிவிடலாம்.

இரண்டில் சிறியதிலிருந்து தொடங்கி, ஒரே ஒரு படி மேலே போவதையே நான் பரிந்துரைப்பேன். கோரைகளிலிருந்து, ஓர் இனத்தின் எல்லையைச் சூழல் தீர்மானிக்கிறதா, பக்கத்து இனம் தீர்மானிக்கிறதா என்ற கேள்விக்குப் போகலாம். அது எந்தப் புல்வெளிக்கும், காட்டுக்கும், கடற்கரைக்கும் பொருந்தும். அதற்குமேல் இன்னொரு படி ஏறிப் பன்மை, பருவநிலை, உலகம் என்று போனால், கையில் இருந்த பிடி நழுவிவிடும். கோரையைப் பிஎச்.டி. முழுக்கத் தூக்கிச் சுமக்கப்போவதாகவும் சொல்லவேண்டியதில்லை. கட்டுரையில் அது ஒரு சான்று. யோசிக்கும் முறையைக் காட்ட அது போதும். நெறியாளரின் களத்தில் வேறு இனத்தோடு வேலை செய்யத் தயார் என்பதை ஒரு வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

புள்ளியியல் குறையை எங்கே வைப்பது

தாவரவியல் பாடத்திட்டத்தில் புள்ளியியல் பல இடங்களில் குறைவு. சமூகச் சூழலியலில் அது அன்றாட வேலை. மறைப்பதா, சொல்வதா என்றால் சொல்வதே நல்லது. படிப்பவர் மதிப்பெண் பட்டியலில் எப்படியும் பார்த்துவிடுவார். ஆனால் “எனக்குப் புள்ளியியல் பின்னணி குறைவு, கற்றுக்கொள்ள ஆர்வமாக இருக்கிறேன்” என்று தனியாக எழுதினால் குறை மட்டுமே நிற்கும். மேலே பார்த்த கணக்கே இதற்கு நல்ல பதில். சேர்ந்திருக்கும் எதிர்பார்ப்பைக் கையால் போட்டு, பிறகு ஆர் மொழியில் குவாட்ராட்களை ஆயிரம் முறை கலைத்துப்போட்டுச் சரிபார்த்தேன் என்று உண்மையில் செய்தவர் எழுதினால், எவ்வளவு தெரியும் என்பதும் எது இன்னும் தெரியாது என்பதும் ஒன்றாகவே தெரிந்துவிடும். செய்யாதவர் விண்ணப்பத்துக்கு முன்னால் செய்துபார்க்கலாம். தரவு கையில் இருக்கிறது, அடிப்படை ஆர் தெரிந்தவருக்கு அது சில நாள் வேலை. செய்யாமல் எழுதவேகூடாது, நேர்காணலில் முதல் கேள்வியே அங்கிருந்து வரலாம்.

திறன் வழி வெல்லும் இடங்கள்

ஐரோப்பாவில் பல பிஎச்.டி. இடங்கள் வேலை அறிவிப்புபோல வருகின்றன. கேள்வி, களம், நிதி, கால அளவு எல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். அங்கே கோரைகளைப் பற்றிய தன் கேள்வியை நடுவில் வைத்தால், அறிவிப்பைப் படிக்காதவர்போலத் தோன்றும். அவர்கள் கேட்பது இந்த வேலையைச் செய்ய இவரால் முடியுமா என்பதை. அறிவிப்பில் நாற்றுக் கணக்கெடுப்பு இருந்தால் பூவில்லாத செடியை அடையாளம் காணும் திறனையும், இலைப் பண்புகளை அளப்பது இருந்தால் இலைப்பரப்பை உலர் எடையால் வகுத்து எடுத்த அனுபவத்தையும் முதல் பத்தியிலேயே வைக்கவேண்டும். கோரைக் கேள்வி இரண்டாவது பத்தியில், பாதி நீளத்தில் வந்தால் போதும். இங்கும் அதை முழுக்க விட்டுவிடக்கூடாது, ஏனென்றால் அதே திறன்களோடு வேறு பலரும் விண்ணப்பித்திருப்பார்கள்.

இன்னொரு சூழல்: ஆய்வேட்டில் அப்படிப்பட்ட கேள்வி எதுவும் இல்லாதவர்கள். முழுக்க உள்ளமைப்பியலோ திசு வளர்ப்போ செய்தவரிடம் குவாட்ராட் அட்டவணை இருக்காது. இல்லாத களத் தரவைக் கற்பனை செய்து கேள்வி வழியில் எழுதினால் அது வெறும் படிப்பறிவாகத்தான் ஒலிக்கும். அவர்கள் ஒரு திறனை மட்டும் எடுத்து, அது ஒரு சமூகக் கேள்விக்கு எப்படிப் பயன்படும் என்று காட்டினால் போதும். மரத்தின் நீர்க்குழாய்களின் விட்டத்தை அளந்தவர், அகன்ற குழாய் கொண்ட இனங்களும் குறுகிய குழாய் கொண்டவையும் ஒரே காட்டின் ஈரமான இடங்களிலும் வறண்ட இடங்களிலும் எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்று கேட்கலாம். அளவு அவர் கையில் இருக்கிறது. எந்த இடத்தில் நின்ற மரம் என்ற தகவலை மாதிரிச் சீட்டிலிருந்து எடுத்துவிட முடிந்தால் கேள்வியின் தொடக்கமும் அங்கேயே இருக்கிறது.

எந்த வழியில் எழுதினாலும், நெறியாளரைப் பற்றிய பத்தி கடைசியில் வரும். அவருடைய ஆய்வுகள் ஊக்கமளிக்கின்றன என்று எழுதுவது வீண். அவருடைய ஒரு கட்டுரையின் களத்தையோ முறையையோ எடுத்து, தன் கேள்வி அங்கே எப்படி மாறும் என்று எழுதவேண்டும். செடிகளை அகற்றிப் பார்க்கும் சோதனைகள் நடத்தும் குழு என்றால், கோரை மாணவி எழுதவேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான்: உங்கள் பாத்திகளில் பக்கத்துச் செடிகளை அகற்றியபின் புதிதாக நுழைந்த இனங்களின் வேர்களை நான் பார்க்க விரும்புகிறேன், நுழையமுடிந்தவற்றுக்கும் முடியாதவற்றுக்கும் உள்ளமைப்பில் வேறுபாடு இருக்கிறதா என்று அங்கிருந்து தொடங்கலாம்.